பங்க் என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு ஒற்றைப் பியானோ ஸ்வரம்

ராக் இசையின் முரட்டு வகையான பங்க் பிறந்தது 1976ல், லண்டனில் என்று நண்பர் ஒருவர் போன வாரம் எழுதியிருந்தார். கீழே பலரும் ஆமோதித்திருந்தார்கள். ஏழு வருடம் பின்னால் போய் அமெரிக்காவின் டெட்ராய்ட் பக்கம் பாருங்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டு வந்தேன். ஒரு வரியில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது. அதனால் இங்கே கொஞ்சம் நீளமாக.

நான் சொல்வது த ஸ்டூஜஸ் என்ற குழுவின் முதல் ஆல்பத்தை. பெயரும் த ஸ்டூஜஸ்தான். வெளிவந்தது 1969 ஆகஸ்டில், வுட்ஸ்டாக் இசை விழாவுக்குச் சில நாட்களுக்கு முன்னால். நால்வர்: பாட இக்கி பாப், கிடார் ரான் ஆஷ்டன், டிரம்ஸ் அவன் தம்பி ஸ்காட், பேஸ் டேவ் அலெக்சாண்டர். ஊர் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர், டெட்ராய்ட்டிலிருந்து முக்கால் மணி நேரப் பயணம்.

இக்கி பக்கத்து ஊரான இப்சிலாண்டியில் டிரெய்லர் வீட்டில் வளர்ந்தவன். பள்ளிக்கூட நாட்களில் டிரம்மர். ப்ளூஸ் இசை மீது இருந்த பைத்தியத்தில் சிகாகோவுக்கே போய், அங்கிருந்த கறுப்பினக் கலைஞர்களோடு வாசித்துப் பார்த்திருக்கிறான். அங்கே அவனுக்குப் புரிந்தது என்ன என்பதைப் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறான். ப்ளூஸ் அவர்களுடைய வாழ்க்கையிலிருந்து சிரமமே இல்லாமல் வழிகிறது, தான் அதை நகல்தான் எடுக்க முடியும், அதற்குப் பதில் தன் ஊர்ப் பையன்களின் வாழ்க்கைக்குப் பொருந்தும் அளவு எளிமையான ஒன்றைத் தானே உண்டாக்க வேண்டும் என்பது. என்னைப் பொறுத்தவரை இந்த ஆல்பத்தின் விதை அதுதான். அந்த நாட்களில் ப்ளூஸை எடுத்து மேலும் மேலும் திறமையாக, வேகமாக, நீளமாக வாசித்துக் காட்டியவர்கள் நிறைய. இவன் எதிர்த்திசையில் போனான்.

ஆரம்ப நிகழ்ச்சிகளில் பாட்டு என்றே ஒன்று கிடையாது. தண்ணீர் ஊற்றிய மிக்ஸியின் வாயில் மைக்கை வைப்பார்கள். வேக்யூம் கிளீனரை ஓட விடுவார்கள். ஸ்காட் எண்ணெய் பீப்பாய்களைச் சுத்தியலால் அடிப்பான். கார் தொழிற்சாலை சூழ்ந்த வட்டாரத்தில் வளர்ந்த பையன்கள். சின்ன வயதில் ஃபோர்டு ஆலையில் கேட்ட பிரஸ் இயந்திரத்தின் சத்தம் மனதில் தங்கிவிட்டது என்று இக்கி சொல்லியிருக்கிறான். அதை மனதில் வைத்துக்கொண்டு ஸ்காட்டின் டிரம்ஸைக் கேட்டால், இவ்வளவு சிக்கனமாக அவன் ஏன் அடிக்கிறான் என்பது புரியும்.

1968 செப்டம்பரில் எலெக்ட்ரா இசைத்தட்டு நிறுவனத்தின் டேனி ஃபீல்ட்ஸ், எம்சி5 என்ற டெட்ராய்ட் ராக் குழுவைப் பார்க்க வந்தார். எங்கள் தம்பிக் குழு ஒன்று இருக்கிறது, அதையும் பாருங்கள் என்று எம்சி5 ஆட்கள் சொல்ல, மறுநாள் பல்கலைக்கழக மண்டபத்தில் ஸ்டூஜஸைப் பார்த்தார். இரண்டு குழுக்களையும் ஒரே சமயத்தில் ஒப்பந்தம் செய்தார்கள். எம்சி5க்கு 20,000 டாலர், ஸ்டூஜஸுக்கு 5,000.

1969 ஏப்ரலில் நியூயார்க்கில் ஒலிப்பதிவு. தயாரிப்பாளர் ஜான் கேல், வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்ற நியூயார்க் குழுவிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தவர். பையன்கள் மார்ஷல் ஆம்ப்களின் சத்தக் குமிழை 10 வரை திருகி வைத்து வாசிக்க ஆரம்பித்தார்கள். ஸ்டூடியோவில் அப்படிச் செய்யக்கூடாது என்றார் கேல். பையன்கள் வாசிக்க மறுத்து உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் 9க்குக் குறைக்கச் சம்மதித்து சமாதானம் ஆனதாக இக்கி சொல்வான். நான் இதை வெறும் வம்பாகப் பார்க்கவில்லை. அந்தச் சத்தத்தைக் குறைத்தால் ரானின் கிடாரில் ஸ்வரங்களுக்கு நடுவே இருக்கும் உறுமல் போய்விடும். உறுமல் போனால் மிஞ்சுவது மூன்று கார்டு, மூன்று ஸ்வரக்கூட்டுதான்.

பாட்டு போதவில்லை என்று நிறுவனம் சொன்னதும், இருக்கிறது என்று சொல்லிவிட்டு, தங்கியிருந்த செல்சி ஹோட்டலில் ராத்திரியோடு ராத்திரியாக இன்னும் மூன்று பாட்டு எழுதினார்கள். ஆல்பத்தின் இரண்டாம் பாதியில் வரும் சிறு பாட்டுகள் அப்படி வந்தவை. அவற்றில் ஒரு அவசரம் இருக்கும். எனக்கு அது பிடிக்கும்.

சரி, ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். ஐ வானா பி யுவர் டாக். மூன்று நிமிடம் சொச்சம். யார் வீட்டிலாவது கிடார் இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தடித்த ஆறாவது கம்பியில் மூன்றாவது ஃப்ரெட், இரண்டாவது ஃப்ரெட், அப்புறம் வெறும் கம்பி. ஜி, எஃப் ஷார்ப், ஈ. பாட்டின் முதுகெலும்பு அவ்வளவுதான். மேலே இருக்கும் மெல்லிய கம்பிகளை விரலால் அழுத்தாமல் அப்படியே ஒலிக்க விடுகிறான் ரான். அதனால் கீழே கார்டு இறங்கினாலும் மேலே ஒரே ஸ்வரம் நின்றுகொண்டே இருக்கிறது. தம்புரா கேட்டு வளர்ந்த காதுக்கு இது உடனே பிடிபடும்.

இதற்கு மேல் கேல் இரண்டு காரியம் செய்தார். பியானோவில் ஒரே ஸ்வரத்தை ஆரம்பத்திலிருந்து தட்டிக்கொண்டே இருந்தார். கூடவே, பனிச்சறுக்கு வண்டியில் கட்டும் மணியை விடாமல் குலுக்க வைத்தார். கிறிஸ்துமஸ் பாட்டுகளில் குதூகலத்துக்காக வருமே, அதே மணி. இங்கே அது தலைக்குள் நமைச்சலாக மாறுகிறது. பியானோவை மட்டும் கவனித்துக் கேளுங்கள். பாட்டில் என்னவெல்லாம் நடந்தாலும் அது அசைவதே இல்லை. நடுவில் சின்னதாக ஒரு திருப்பம் வருகிறது, உடனே பழைய இடத்துக்கே வந்து விழுகிறது. கடைசியில் ரானின் கிடார், காலால் மிதித்து ஒலியை ‘வா-வா’ என்று அழ வைக்கும் பெடலோடு அலறி முடிகிறது.

இதே வருடம் ஜனவரியில் லெட் செப்பலின் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் முதல் ஆல்பம் வந்தது. அதுவும் கனமான கிடார், அதுவும் ப்ளூஸிலிருந்து கிளம்பியது. ஆனால் அங்கே ஒரு கிடார் வரி எங்கேயோ போய்ச் சேருவதற்காகக் கிளம்புகிறது. கேட்பவருக்கு, அடேயப்பா, என்னால் இது முடியாது என்று தோன்றும். ஸ்டூஜஸில் வரி எங்கேயும் போகாது, அதே இடத்தில் சுற்றும். கேட்கிற பதினாறு வயதுப் பையன் இரண்டு மூன்று நாளில் அதை வாசித்துவிடலாம். இந்த வேறுபாடு தற்செயலாக அமைந்தது என்று நான் நம்பவில்லை. பாடல் வரிகளும் அப்படித்தான். ஒரு குழந்தைகள் நிகழ்ச்சியில், இருபத்தைந்து சொற்களுக்குள் கடிதம் எழுதுங்கள் என்பார்களாம். அதுவே பாட்டெழுதத் தனக்கு அளவுகோல் ஆனது என்று இக்கி சொல்லியிருக்கிறான். ஆல்பத்தின் முதல் பாட்டைக் கேளுங்கள், பெயரே 1969. இன்னொரு வருடம், செய்ய ஒன்றுமில்லை, போன வருடம் எனக்கு இருபத்தொன்று, இப்போது இருபத்திரண்டு. நாடு முழுக்க ஊர்வலமும் போராட்டமுமாக இருந்தபோது, வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவனின் சலிப்பை மட்டுமே வைத்து ஒருவன் பாடினான். பின்னால் வந்த பங்க் பாட்டுகளில் அந்தச் சலிப்பைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம்.

கேல் கலந்து கொடுத்த ஒலிக்கலவையை நிறுவனம் ஏற்கவில்லை. இக்கியும் எலெக்ட்ராவின் முதலாளி ஜாக் ஹோல்ஸ்மனும் சேர்ந்து மறுபடி கலந்தார்கள். கேலின் கலவையும் பின்னாளில் வெளிவந்துவிட்டது, தேடிக் கேட்கலாம். அதில் எல்லாம் கொஞ்சம் தள்ளி, மூட்டத்துக்குள் நடப்பதுபோல இருக்கும். நாம் அறிந்த ஆல்பத்தில் கிடாரும் குரலும் முகத்துக்கு நேரே வந்து நிற்கின்றன. பங்க் என்று பிறகு கேட்டதெல்லாம் இந்த இரண்டாவது ஒலிக்குத்தான் சொந்தம்.

எதிர்ப்புறமும் சொல்ல வேண்டும். இந்த ஆல்பம் முழுக்க பங்க் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். வேகம் கிடையாது, பெரும்பாலும் நிதானமான நடைதான். வா-வா சோலோக்கள் நிறைய. பத்து நிமிடத்துக்கும் மேல் ஓடும் வி வில் ஃபால் என்ற பாட்டில் கேல் வயோலாவை இழுக்க, பின்னால் மந்திரம்போல ஒரு கோஷம். காதைத் தீட்டிக் கேட்டால் ‘ஓம் ஸ்ரீராம் ஜெயராம் ஜெய ஜெய ராம்’. டெட்ராய்ட் பக்கத்துப் பையன்களின் முதல் ஆல்பத்தில் ராமநாமம் கேட்டு நான் அரண்டுபோனது நினைவிருக்கிறது. நியூயார்க் பங்க் குழுவான ராமோன்ஸின் முதல் ஆல்பம் 1976ல் வந்தபோது இதையெல்லாம் தூக்கிப் போட்டிருந்தார்கள். சோலோ இல்லை, பத்து நிமிடப் பாட்டு இல்லை. எடுத்துக்கொண்டது மாறாத கிடார் வரியையும், சலிப்பையும், சின்னச் சின்னப் பாடல் வரிகளையும். ஸ்டூஜஸ் எதிர்காலத்தைக் கண்டு சொன்னார்கள் என்பதைவிட, தங்களுக்கு வேண்டியதைப் பின்னால் வந்தவர்கள் அங்கிருந்து பொறுக்கி எடுத்தார்கள் என்பதுதான் சரி என்று நினைக்கிறேன்.

ஆல்பம் விற்கவில்லை. அமெரிக்கப் பட்டியலில் 106வது இடம்வரை ஏறியதோடு சரி. ரோலிங் ஸ்டோன் இதழின் விமர்சகர் சத்தம், சலிப்பு, ரசனைக்கேடு, சிறுபிள்ளைத்தனம் என்று அடுக்கிவிட்டு, ஆனாலும் எனக்குப் பிடிக்கிறது என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் அதற்கு ஒரு பெயர் இல்லை, அவ்வளவுதான்.

அந்தப் பெயரைப் பரப்பியதிலும் அதே வட்டாரத்துக்குப் பங்கு உண்டு. டெட்ராய்ட்டில் க்ரீம் என்று ஒரு ராக் இதழ். அதில் 1971ல் டேவ் மார்ஷ், கொஸ்டின் மார்க் அண்ட் த மிஸ்டீரியன்ஸ் என்ற மிச்சிகன் குழுவைப் பற்றி எழுதும்போது ‘பங்க் ராக்’ என்றார். பங்க் என்றால் அதுவரை போக்கிரி, உதவாக்கரை. வசைச்சொல் இப்படி இசைக்குப் பெயரானது. நியூயார்க்கில் பங்க் என்ற பெயரிலேயே ஒரு இதழ் வந்தபோது வருடம் 1976. அதற்குள் ஸ்டூஜஸ் இன்னும் இரண்டு ஆல்பம் போட்டு, போதையிலும் கடனிலும் உடைந்து போயிருந்தார்கள். டேவ் அலெக்சாண்டர் 1975லேயே, இருபத்தேழு வயதில் இறந்துவிட்டான். அந்தச் சொல்லைத் தன் பேஸ் வாசிப்போடு சேர்த்து யாரும் பெருமையாகச் சொல்லி அவன் கேட்டிருப்பானா என்பதே சந்தேகம். எனக்கு இந்த இடம் எப்போதும் வலிக்கும்.

நண்பர் குறிப்பிட்ட லண்டனுக்கே வருகிறேன். 1977ல் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற லண்டன் பங்க் குழு தங்கள் சிங்கிள் இசைத்தட்டு ஒன்றின் பின்பக்கத்தில் நோ ஃபன் என்ற பாட்டை வெளியிட்டார்கள். அது இந்த முதல் ஆல்பத்தில் இருக்கும் பாட்டு. 1978 ஜனவரி 14, சான் ஃபிரான்சிஸ்கோவின் விண்டர்லாண்ட் அரங்கம். அன்றைய நிகழ்ச்சியோடு குழு உடைந்தது. அன்று அதன் பாடகன் ஜானி ராட்டன் கடைசியாகப் பாடியது அதே நோ ஃபன். பாட்டு முடியும் முன் மேடையில் மண்டியிட்டு, ஆன் ஆர்பர் பையன்கள் ஒன்பது வருடம் முன்பு எழுதிய அந்த இரண்டே சொற்களைச் சொல்லிக்கொண்டே இருந்தான்.