மண்புழு உரம் போட்டால் யூரியாவில் எவ்வளவு குறைக்கலாம்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

"ஏக்கருக்கு இரண்டு டன் மண்புழு உரம் போடுங்க, ரசாயன உரத்தைப் பாதியாகக் குறைச்சிடலாம்." விவசாயக் குழுக்களில் வாரத்துக்கு நாலு தடவையாவது இது கண்ணில் படுகிறது. எந்தப் பயிருக்கு, எந்தச் சத்தில் பாதி என்று கேட்டால் பதில் வராது. யூரியா, டிஏபி, பொட்டாஷ் மூன்றையும் ஒரே அளவில் பாதியாக வெட்டினால் பயிருக்குத் தழைச்சத்து பற்றாமல் போகும். பொட்டாஷ் தேவைக்கு மேலே கிடக்கும். ஏன் என்று புரிய, ஒரு ஏக்கர் கத்தரியை எடுத்து முழுசாகக் கணக்குப் போடலாம்.

கத்தரி ரகங்களுக்கு (வீரிய ஒட்டு அல்ல) தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 100:50:30. ஏக்கருக்கு மாற்றினால் தழைச்சத்து 40, மணிச்சத்து 20, சாம்பல்சத்து 12 கிலோ. உங்களிடம் மண் பரிசோதனை அட்டை இருந்தால் அதிலுள்ள எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், அதுதான் சரி.

ஆரம்பத்திலேயே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அந்தப் பரிந்துரையோடு ஹெக்டேருக்கு 25 டன் தொழு உரமும் சேர்ந்தே வருகிறது. ஏக்கருக்கு 10 டன். தொழு உரம் கிடைக்கவில்லை என்று அதற்குப் பதிலாக 2 டன் மண்புழு உரம் போடுகிறவர், யூரியாவில் எதையும் கழிக்கக் கூடாது. நல்ல தொழு உரத்தில் அரை சதவீதம் தழைச்சத்து என்று வைத்தாலே 10 டன்னில் 50 கிலோ இருக்கும். 2 டன் மண்புழு உரம் அதில் பாதியைக்கூடத் தொடாது. தொழு உரத்தையும் நிறுத்தி, யூரியாவையும் குறைத்தால் பயிரின் வயிற்றில் இரண்டு முறை அடிக்கிறோம். கீழே வரும் கழித்தல் கணக்கு, வழக்கமான தொழு உரத்தைப் போட்டுவிட்டு அதற்கு மேல் மண்புழு உரம் போடுகிறவருக்குத்தான்.

இப்போது உரத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். குவியலில் மேலே, நடுவே, அடியில் என்று பத்து இடத்தில் கை கையாக எடுத்துக் கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை மட்டும் வைத்துக்கொண்டு, மறுபடியும் கலந்து பிரித்து, கடைசியில் அரை கிலோவை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். எடுத்த கையோடு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டிவிடுங்கள், ஈரம் மாறக் கூடாது. அறிக்கை இப்படி வந்ததாக வைத்துக்கொள்வோம்: தழைச்சத்து 1.5%, பாஸ்பரஸ் 0.5%, பொட்டாசியம் 0.8%.

இதை அப்படியே 2,000 கிலோவால் பெருக்கி, தழைச்சத்து 30 கிலோ வந்துவிட்டது என்று சந்தோஷப்படுவதுதான் வழக்கம். அதற்குள் மூன்று பள்ளங்கள் இருக்கின்றன.

முதல் பள்ளம் ஈரம். ஆய்வக எண் பெரும்பாலும் காய்ந்த எடைக்குத்தான். நாம் வாங்குவது, போடுவது ஈர எடை. அறிக்கையில் எந்த எடைக்கு என்று எழுதியில்லை என்றால் ஆய்வகத்தில் கேட்டு வாங்குங்கள். ஈரத்தை வீட்டிலேயே உத்தேசமாகப் பார்க்கலாம். 200 கிராம் எடுத்து, தட்டில் மெல்லிசாகப் பரப்பி, நல்ல வெயிலில் காயவைத்து, எடை இனி குறையவில்லை என்கிற வரை நிறுத்துப் பாருங்கள். 130 கிராமில் நின்றால் ஈரம் 35%. ஆய்வக அடுப்பில் வைத்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி விற்பனைக்கு வரும் மண்புழு உரத்தில் ஈரம் 15 முதல் 25 சதவீதம்தான் இருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் தெளித்து எடை ஏற்றிய மூட்டைகள் இதைவிட எவ்வளவோ தாண்டி வரும். நம் கணக்கில் 35% என்றால் 2,000 கிலோவில் காய்ந்த பொருள் 1,300 கிலோ.

இரண்டாவது பள்ளம் பெயர். பரிந்துரையில் உள்ள மணிச்சத்து என்பது P₂O₅, சாம்பல்சத்து என்பது K₂O. அறிக்கையில் வெறும் P, K என்று இருந்தால் P-யை 2.29-ஆலும் K-யை 1.2-ஆலும் பெருக்க வேண்டும். 0.5% பாஸ்பரஸ் 1.145% மணிச்சத்தாகும், 0.8% பொட்டாசியம் 0.96% சாம்பல்சத்தாகும். அறிக்கையிலேயே P₂O₅ என்று போட்டிருந்தால் பெருக்காதீர்கள், இரட்டிப்பாகிவிடும்.

ஆக 1,300 கிலோவில் மொத்தத் தழைச்சத்து 19.5 கிலோ, மணிச்சத்து 14.9, சாம்பல்சத்து 12.5.

மூன்றாவது பள்ளம்தான் பெரிசு. இந்த மொத்தமும் இந்தப் பருவப் பயிருக்குக் கிடைக்காது. தழைச்சத்தில் பெரும்பகுதி கரிமப் பொருளோடு பிணைந்து கிடக்கிறது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் உடைத்தால்தான் வேர் எடுக்க முடியும். முதல் பயிருக்குத் தழைச்சத்தில் 30%, மணிச்சத்தில் 60%, சாம்பல்சத்தில் 70% கிடைக்கும் என்பது தொழு உரத்துக்கு நெடுநாளாகப் புழங்கும் உத்தேசக் கணக்கு. நன்கு பக்குவமான மண்புழு உரத்தில் தழைச்சத்து இன்னும் கொஞ்சம் சீக்கிரம் வரலாம். ஆனாலும் கணக்கு எழுதும்போது 30-ஐத் தாண்டாதீர்கள் என்பது என் கருத்து. கூடுதலாக வந்தால் லாபம், எதிர்பார்த்தது வராவிட்டால் நஷ்டம் நமக்குத்தான். பொட்டாஷ் அப்படிப் பிணைந்து கிடப்பதில்லை, தண்ணீரில் கரைந்து வந்துவிடும். அதனால்தான் அதன் பங்கு இவ்வளவு அதிகம்.

இந்த மூன்றையும் கழித்த பிறகு இந்தப் பருவத்துக்கு நம்பக்கூடியது: தழைச்சத்து 5.9 கிலோ, மணிச்சத்து 8.9, சாம்பல்சத்து 8.7. தேவையோடு ஒப்பிட்டால் தழைச்சத்தில் 15 சதவீதம்கூட முழுசாக இல்லை. மணிச்சத்தில் 45 சதவீதம், சாம்பல்சத்தில் 70 சதவீதத்துக்கு மேல்.

மீதி 34.1, 11.1, 3.3 கிலோவை மூட்டையிலிருந்து எடுக்க வேண்டும். எப்போதும் டிஏபியில் ஆரம்பியுங்கள், ஏனென்றால் அதிலும் 18% தழைச்சத்து இருக்கிறது. 11.1 கிலோ மணிச்சத்துக்கு டிஏபி 24 கிலோ. அதிலேயே 4.3 கிலோ தழைச்சத்து வந்துவிடும். மிச்சம் 29.8 கிலோவுக்கு யூரியா 65 கிலோ. பொட்டாஷ் ஐந்தரை கிலோ.

மண்புழு உரம் போடாமல் இருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும்? டிஏபி 43.5 கிலோ, யூரியா 70, பொட்டாஷ் 20. அதாவது இரண்டு டன் கொட்டி யூரியாவில் மிச்சம் ஐந்து கிலோ. டிஏபியில் 19, பொட்டாஷில் 14 கிலோவுக்கு மேல். மூட்டைக் கணக்கில் பாதி குறைவது டிஏபியும் பொட்டாஷும்தான், யூரியா அல்ல. யூரியாவைத்தான் குறைக்கிறேன் என்று எழுதுகிறவர்கள் இந்த வரியில் நின்று யோசிக்க வேண்டும்.

பாதித் தழைச்சத்தை, 20 கிலோவை, மண்புழு உரத்திலேயே கொடுத்துத் தீருவேன் என்றால்? ஈரத்தோடு ஒரு டன்னில் 2.9 கிலோதான் கிடைக்கிறது. ஏழு டன் வேண்டும். அந்த ஏழு டன்னோடு 31 கிலோ மணிச்சத்தும் வந்து விழும், தேவையோ 20. வருஷா வருஷம் இப்படிச் செய்தால் மணிச்சத்து மண்ணில் ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் துத்தநாகப் பற்றாக்குறையாக அது வெளியே தெரியும். அதனால் மணிச்சத்துத் தேவை நிரம்பும் அளவோடு மண்புழு உரத்தை நிறுத்திக்கொண்டு, தழைச்சத்துக் குறையை யூரியாவால் நிரப்புவதே என் பக்கத்து ஆலோசனை.

காசுக் கணக்கையும் மறைக்க வேண்டாம். 45 கிலோ யூரியா மூட்டை 266.50 ரூபாய், 50 கிலோ டிஏபி 1,350. பொட்டாஷை மூட்டை 1,600 என்று வைத்தால், மேலே மிச்சமானது மொத்தம் ஆயிரம் ரூபாய் வரும். மண்புழு உரத்தைக் கிலோ 8 ரூபாய்க்கு வாங்கினால் இரண்டு டன்னுக்கு 16,000. உர மூட்டையை மிச்சம் பிடிக்க மண்புழு உரத்தை விலைக்கு வாங்குவது கட்டுப்படியாகாது. சொந்தச் சாணம், சொந்தக் கழிவு, சொந்தத் தொட்டி என்றால் சரி. மண்ணின் கரிமம், நீர்ப்பிடிப்புக்காக வாங்குகிறேன் என்றாலும் சரி, ஆனால் அந்தச் செலவை அந்தப் பெயரில் எழுதுங்கள்.

வாங்குகிறவர்கள் மணலைப் பாருங்கள். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் உரத்தைப் போட்டுக் கலக்கி வைத்தால், சில நிமிடத்தில் அடியில் வெளிறிய மணல் அடுக்கு தனியாகப் படியும். தண்ணீரை வடித்துவிட்டு விரலால் தேய்த்தால் நறநறக்கும். கொஞ்சம் மண் இருப்பது சகஜம். சந்தேகம் வந்தால் காய்ந்த உரம் 10 கிராமை இரும்புச் சட்டியில், வெளியில் வைத்து, புகை நின்று சாம்பல் நிறமாகும் வரை எரியுங்கள். ஆணைப்படி கரிமம் குறைந்தது 18% வேண்டும். அது சுமார் 31% கரிமப் பொருளுக்குச் சமம். எரித்த பிறகு 7 கிராமுக்கு மேல் மிஞ்சினால் நீங்கள் மண்ணைத்தான் காசு கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள்.

வயலில் போடும்போது: மண்புழு உரத்தை நடவுப் பாரில் இட்டு மண்ணால் மூடுங்கள், வெயிலில் பரப்பிவிட்டுப் போகாதீர்கள். தழைச்சத்தில் கழிக்கும் ஆறு கிலோவை அடியுரத்தில் கழிக்க வேண்டாம். அது வாரக்கணக்கில் மெல்ல வெளிவருவது, நட்ட முதல் நாட்களில் நாற்றுக்கு உதவாது. அடியுரமாக டிஏபியோடு யூரியா 34 கிலோ, 30-ஆம் நாள் மேலுரமாக 31 கிலோ என்று பிரித்தால் கழித்தது முழுவதும் மேலுரத்தில் விழும். யூரியாவை ஈரமான மண்புழு உரத்தோடு கலந்து குவித்து வைக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. மூக்கைத் துளைக்கும் அந்த நெடி அம்மோனியா, உங்கள் தழைச்சத்து காற்றில் போகிற வாசனை.

அரைகுறையாக மக்கிய உரமென்றால் கணக்கே தலைகீழாகிவிடும். கரிமத்துக்கும் தழைச்சத்துக்குமான விகிதம் 20-ஐ விட நிறைய அதிகமாக இருந்தால், நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் தழைச்சத்தையும் சேர்த்துத் தமக்கு இழுத்துக்கொள்ளும். வைக்கோல் துண்டும் சாணக் கட்டியும் அடையாளம் தெரிந்தால், கையை உள்ளே விட்டால் சூடு இருந்தால், அந்த உரத்தின் தழைச்சத்தைப் பூஜ்யமாகவே எழுதுங்கள்.

எல்லாம் செய்த பிறகும் 30% என்பது உத்தேசம்தான். அதனால் வயலின் நடுவே நாலு பாருக்கு மட்டும் முழு அளவு யூரியா கொடுத்து, குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். 40-ஆம் நாள் வாக்கில் இரண்டு பக்கத்துச் செடிகளிலும் அடியிலைகளைப் பாருங்கள். குறைத்த பக்கத்தில் மட்டும் அடியிலை சீராக வெளுத்து மஞ்சளானால் உங்கள் உரம் 30% தரவில்லை. அங்கே 1% யூரியா கரைசலை மாலையில் தெளித்துவிட்டு, அடுத்த பருவத்துக்கு 20% என்று கணக்கை மாற்றுங்கள். வித்தியாசமே தெரியவில்லை, காய் எடையும் ஒன்றாகவே வருகிறது என்றால் 35% வரை போய்ப் பார்க்கலாம், ஆனால் அப்போதும் அந்த நாலு பார் இருக்கட்டும்.