ஏழு மணிக்குப் பேசலாம் என்றால், அது யாருடைய ஏழு மணி?

வெளிநாட்டில் இருக்கும் நம்மில் பலர், ஊரில் இருக்கும் பெரியவர்களுக்கு அனுப்பும் செய்தி இப்படித்தான் இருக்கிறது: "சண்டே ஈவினிங் ஃப்ரீயா இருந்தா வீடியோ கால் பண்றேன், லிங்க் அனுப்புறேன், ஜாயின் பண்ணுங்க, டைம் மாறினா சொல்றேன்." அலுவலக நண்பருக்கு இது போதும். எழுபத்தெட்டு வயதில் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருக்கும் என் பெரியம்மாவுக்கு இதில் ஒன்றும் கையில் நிற்காது. ஃப்ரீயாக இருந்தால் என்றால், வருமா வராதா? டைம் மாறினால் என்றால், எதை நம்பி உட்காருவது? இரண்டுக்கும் அந்தச் செய்தியில் பதில் இல்லை.

பெரியவர்களுக்கு நேரம் சொல்வதில் நாம் இன்னும் அக்கறை காட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காரணம், அவர்கள் காத்திருக்கும் விதம். ஏழு மணி என்றால் பெரியம்மா ஆறரைக்கே முகம் கழுவி, பொட்டு வைத்து, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பேசி முடிக்கிற வரை சாப்பிடவும் மாட்டார். ஏழே காலாகியும் மணி அடிக்கவில்லை என்றால், வேலை வந்திருக்கும் என்று நினைக்க மாட்டார். பிள்ளைக்கு என்ன ஆச்சோ என்றுதான் மனம் போகும்.

நான் இருப்பது சிகாகோவில். இந்தக் கோடையில் என் தங்கைக்குக் குழந்தை பிறந்தது. குழந்தையைப் பெரியம்மாவுக்குக் காட்ட நேரம் பேசிய விதத்தை எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

முதலில் நேரம். சிகாகோவுக்கும் இந்தியாவுக்கும் கோடையில் பத்தரை மணி நேரம் வித்தியாசம், குளிர்காலத்தில் பதினொன்றரை. இந்த அரை மணி, ஒருவர் பக்கத்தில் கட்டாயம் வந்து விழும். அதை நம் பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும். அவருக்குச் சாயங்காலம் ஏழு மணி, எனக்குக் காலை எட்டரை. எனக்கு வசதியாக எட்டு மணி என்று வைத்தால் அவருக்கு ஆறரை. போனில் "ஆறரை" என்று சொன்னால், காது மந்தமானவருக்கு "ஆறு" மட்டும் கேட்டு, "அரை" நழுவிவிடும். அதனால் முழு மணிதான் எப்போதும். எட்டும் பத்தும் கூடப் போனில் ஒன்றுபோல் கேட்கும், அந்த மணிகளைச் சொல்ல வேண்டியிருந்தால் கூடவே "சாப்பாட்டுக்கு முன்னாடி" மாதிரி ஒரு அடையாளத்தைச் சேர்த்துவிடுவேன்.

நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளுவார்கள், மார்ச் இரண்டாம் ஞாயிறு முன்னுக்கு. இந்தியாவில் அப்படி எதுவும் கிடையாது. அந்தச் சமயத்தில் பெரியம்மாவிடம் "இனிமே எட்டு மணி" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். அவருடைய ஏழு ஏழாகவே இருக்கட்டும். எட்டரைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்த நான் நவம்பருக்கு அப்புறம் ஏழரைக்குக் கூப்பிடுவேன், அவ்வளவுதான். அமெரிக்கக் கடிகாரத்துக்காக அவர் எதற்குக் கணக்குப் போட வேண்டும்?

"நாளைக்கு" என்ற சொல்லை இந்தப் பேச்சில் சேர்க்கவே கூடாது. சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு இங்கிருந்து "நாளைக்குக் கூப்பிடுறேன்" என்றால், நான் சொல்வது ஞாயிற்றுக்கிழமையை. அங்கே அப்போது ஞாயிறு காலை ஏழரை ஆகியிருக்கும். அவருக்கு நாளை என்பது திங்கள். "இன்னிக்கு", "நேத்து" எல்லாமே இப்படித்தான் இடம் மாறிப்போகும். கிழமை பெயர் மட்டும் மாறாது.

அப்புறம் சொற்கள். வீடியோ கால் என்று நான் சொல்வதில்லை. "முகம் பார்த்துப் பேசலாம்" என்கிறேன். சாதா அழைப்புக்கு "சின்ன போன்". பெரியம்மாவிடம் இரண்டு போன் இருக்கிறது. அண்ணன் வாங்கிக் கொடுத்த பெரிய தொடுதிரை போன் ஒன்று, பல வருஷமாக முந்தானையில் சுருட்டி வைத்திருக்கும் பட்டன் போன் ஒன்று. பெரியது, சின்னது என்றால் அவருக்குச் சட்டென்று தெரியும். எளிய சொல் என்றால் குழந்தையிடம் பேசுவதுபோலக் கொஞ்சுவது இல்லை. அவர் குத்தகைக் கணக்கையும் நெல் மூட்டைக் கணக்கையும் தனியாகப் பார்த்தவர். ஒரு வாக்கியத்தில் ஒரே விஷயம், அது முடிந்ததும் கொஞ்சம் இடைவெளி, அது போதும். கத்துவதும் உதவாது, கத்தினால் சொல் இன்னும் சிதறிப்போகிறது. நிதானமாகச் சொன்னால் தெளிவாகக் கேட்கிறது.

வெள்ளிக்கிழமையே சின்ன போனில் கூப்பிட்டேன்.

"பெரியம்மா, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு முகம் பார்த்துப் பேசலாமா? பாப்பாவைக் காட்டுறேன்."

"சரிப்பா."

இந்த "சரிப்பா"வை நம்பி வைத்துவிடக் கூடாது. காதில் விழாவிட்டாலும் பெரியவர்கள் சரி என்றுதான் சொல்வார்கள், திரும்பத் திரும்பக் கேட்டுப் பிள்ளையைச் சலிக்க வைக்க வேண்டாமே என்று. "நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க" என்று கேட்டாலோ பரீட்சை வைப்பதுபோல இருக்கும். நான் இப்படிக் கேட்பேன்:

"பெரியம்மா, நான் எழுதிக்கிறேன், நீங்க சொல்லுங்க. என்னிக்கு, எத்தனை மணி?"

"ஞாயித்துக்கிழமை. விளக்கு வெச்சப்புறம். ஏழு மணின்னு போடு தம்பி."

இதுதான் உறுதி. கிழமை, பொழுது, மணி மூன்றும் அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. கூடவே சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் அந்த ஞாயிற்றுக்கிழமைத் தாளைத் தூக்கி, 7 என்று பெரிதாக எழுதச் சொன்னேன். அன்று காலை முந்தைய நாள் தாளைக் கிழித்ததும் அந்த ஏழு கண் முன்னால் நிற்கும். செல்போன் நினைவூட்டலை விட இதைத்தான் நான் நம்புகிறேன். போன் மணி எதற்கு அடிக்கிறது என்று தெரியாமல் அணைத்துவிடலாம், காலண்டர் தாளை அவர் தினமும் கிழிக்கத்தான் செய்கிறார்.

சனிக்கிழமை ஒரு செய்தியும் அனுப்பினேன், பக்கத்து வீட்டுப் பையன் வாசித்துக் காட்ட வசதியாக, வரிக்கு ஒன்றாக:

பெரியம்மா,
ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 7 மணி.
நான்தான் கூப்பிடுவேன். நீங்க கூப்பிட வேண்டாம்.
முகம் பார்த்துப் பேசலாம்.
படம் வரலேன்னா சின்ன போன் அடிக்கும். அதை எடுங்க.

மூன்றாவது வரி முக்கியம். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கூப்பிட்டால் இரண்டு பக்கமும் பிஸி. அவர் தேடித் தேடி வேறு யாருக்கோ போட்டுவிடவும் வாய்ப்பு உண்டு. கூப்பிடுவது என் வேலை, எடுப்பது மட்டும்தான் அவர் வேலை.

கடைசி வரி அதைவிட முக்கியம். படம் வராமல் போனால் அவர் என்ன செய்ய வேண்டும்? ஒன்றும் செய்ய வேண்டாம், அடுத்து அடிக்கும் போனை எடுத்தால் போதும். "வைஃபை பாருங்க, நெட் ஆன் பண்ணுங்க, அணைச்சுப் போடுங்க" என்று எதையும் மாற்று வழியாகச் சொல்லி வைக்கக் கூடாது. மாற்று வழி என்பது முதல் வழியை விட எளிதாக இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சரியாக எட்டரைக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன். இங்கே நம் திரையைக் கவனிக்க வேண்டும். "Calling" என்றே நின்றால் அழைப்பு அந்தப் போனுக்கே போய்ச் சேரவில்லை: நெட் இல்லை, அல்லது போன் அணைந்திருக்கிறது. கரண்ட் போனால் வைஃபை பெட்டியும் நின்றுவிடும். "Ringing" என்று மாறினால் போன் அங்கே அடிக்கிறது, அவர் எடுக்கவில்லை: பின்கட்டில் இருக்கலாம், சத்தம் குறைந்திருக்கலாம், பச்சைப் பொத்தானை மேலே தள்ளாமல் தட்டிக்கொண்டிருக்கலாம். இரண்டாவது என்றால் இரண்டு நிமிஷம் விட்டு மறுபடி முயலலாம். முதலாவது என்றால் முயன்று பயனில்லை, உடனே சின்ன போனுக்குப் போய்விட வேண்டும்.

எனக்கு "Calling" மாறவே இல்லை. சின்ன போனுக்குப் போட்டேன், இரண்டாவது மணியிலேயே எடுத்தார். "கரண்ட் இல்லப்பா. நீ சொன்ன மாதிரி இதைக் கையில வெச்சிக்கிட்டுதான் உக்காந்திருக்கேன்." கவலையே இல்லாத குரல். குழந்தையின் அழுகையைக் கேட்டார், யார் ஜாடை என்று விசாரித்தார், உரம் விழாமல் தூக்கச் சொன்னார். கரண்ட் வந்ததும் கூப்பிடட்டுமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் தூங்காமல் உட்கார்ந்திருப்பார். "அடுத்த ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஏழு மணி" என்று புதிதாகவே பேசி, மறுபடி அவரையே சொல்ல வைத்துத்தான் வைத்தேன்.

இந்த மாற்று வழிக்கு முன்னேற்பாடு ஒன்று தேவை. முன்பின் தெரியாத வெளிநாட்டு எண்ணை எடுக்காதீர்கள் என்று நாமே பெரியவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். போலீஸ் உடையில் வீடியோவில் வந்து "டிஜிட்டல் கைது" என்று மிரட்டிப் பணம் பறிக்கும் காலத்தில் அந்த எச்சரிக்கை சரியானதுதான். ஆனால் நம் அழைப்பும் +1 என்றுதான் அங்கே போய் நிற்கும். அதனால் ஊருக்குப் போகும்போதே இரண்டு போனிலும் நம் எண்ணைப் பெயரோடு தமிழில் பதிந்துவிட வேண்டும். பட்டன் போனில் தமிழ் வராவிட்டால் ஒரு தனி மணியோசையாவது வைத்துக் கொடுக்கலாம். பிறகு எப்போதும் அந்த ஒரே எண்ணிலிருந்துதான் பேச வேண்டும், அவசரத்துக்கு நண்பரின் போனிலிருந்து கூப்பிடுவதெல்லாம் கூடாது.

"அவங்களும் டெக்னாலஜி கத்துக்கணும்" என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆசை இருப்பவர்கள் கற்றுக்கொள்ளட்டும், நானும் ஊருக்குப் போனால் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிறேன். ஆனால் குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று வந்து உட்கார்ந்தவருக்கு அந்த நேரத்தில் பாடம் நடத்தாதீர்கள்.

சின்ன போன் எல்லோருக்கும் சரிப்படாது. காது மிகவும் மந்தமானவர்களுக்குச் சாதா போன்தான் அதிகக் கஷ்டம். முகம் தெரிந்தால் உதட்டைப் பார்த்துப் பாதியைப் புரிந்துகொள்வார்கள், குரல் மட்டும் என்றால் அதுவும் போயிற்று. என் மாமனார் அப்படி. அவருக்கு மாற்று வழி எதிர்வீட்டு அக்காதான். ஏழு ஐந்துக்குள் படம் வராவிட்டால் நான் அந்த அக்காவைக் கூப்பிடுவேன். அவர் போய், "இன்னிக்கு இல்லையாம், புதன்கிழமையாம்" என்று கையைக் காட்டிச் சொல்லிவிட்டு, அங்கே இருக்கும் காலண்டரில் தாளைத் தூக்கி எழுதியும் வைத்துவிட்டு வருவார்.