மயில்பச்சைச் சாறியும் விடியக் காலமை முகூர்த்தமும்

ஞாயிற்றுக்கிழமை கலியாணம். புதன்கிழமை இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில வருது, "பொம்பிளைப் பக்கத்தார் எல்லாரும் மயில்பச்சைச் சாறியில வாங்கோ" எண்டு. காட் வைக்க வரேக்க வாயில என்ன இருந்தது? அலுமாரிக்குள்ள ஏழு சாறி மடிச்சபடி கிடக்க, எட்டாவதுக்கு வியாழன் விடிய கிளிநொச்சிக் கடைத்தெருவுக்கு ஓட வேணுமாம்.

உருத்திரபுரத்தில ரெண்டு ஏக்கர் வயல் செய்யிற, நாலு பேர் உள்ள ஒரு வீட்டை எடுத்து எழுதிப் பாருங்கோ. வருஷத்துக்குக் கலியாணம், சாமத்தியவீடு, குடிபூரல் எல்லாத்துக்கும் சேர்த்து 60,000 ரூபாய்க்கு மேல போறேல்லை எண்டு முடிவெடுத்த வீடு. அதில என்வலப்புக்கு 25,000, பயணத்துக்கு 20,000, உடுப்புக்கு 15,000. இனி இந்த ஒரு கலியாணத்தைப் பாருங்கோ. சாறி 7,500. ரெண்டு நாளில தைச்சுத் தரவேணும் எண்டதால பிளவுஸ் தையல்கூலி 2,500. தாய் மயில்பச்சையில போனால் மகளும் சும்மா போகேலாது, அவளுக்குச் சட்டை 4,500. மொத்தம் 14,500. ஒரு வருஷத்து உடுப்புக் காசு ஒரு ஞாயிற்றுக்கிழமையோட முடிஞ்சுது!

முகூர்த்தம் காலமை 6.15. மண்டபம் யாழ்ப்பாணத்தில. பத்தரைக்கு வைச்சிருந்தால் ஏ9 வீதியில பஸ் ஏறி, நாலு பேரும் கொஞ்சக் காசோட போய் இறங்கலாம். 6.15 எண்டால் மூண்டு மணிக்கே வெளிக்கிட வேணும், வானை விட்டால் வழியில்லை. நாள் வாடகை 24,000. நாலு வீடு சேர்ந்தால் வீட்டுக்கு 6,000 எண்டு பேசியாச்சு. சனி இரவு ரெண்டு வீட்டுக்காரர் "எங்களுக்கு வரேலாமல் கிடக்கு" எண்டு சொல்லிப்போட்டு நித்திரைக்குப் போட்டினம். மிச்ச ரெண்டு வீட்டுக்கும் 12,000 படி. வான்காரரிட்டை கோவிச்சுப் பிரியோசனமில்லை, அவருக்கு டீசல் ஒண்டுதான். பேசின அண்டைக்கே ஒவ்வொரு வீட்டிலயும் முற்பணம் வாங்க வேணும், வராதவைக்குத் திருப்பிக் குடுக்கப்படாது. சொந்தக்காரரிட்டை எப்பிடிக் கேக்கிறது எண்டு வெக்கப்பட்டால் அந்த வெக்கத்தின்ர விலை 6,000.

என்வலப்பைப் பற்றிப் பேச வெளிக்கிட்டால் இன்னும் கொதிக்குது. பக்கத்து வீட்டு அக்கா 10,000 வைக்கிறா எண்டால் நாங்களும் 10,000 வைக்க வேணுமோ? மொய்க் கொப்பியை எடுத்துப் பாருங்கோ. கலியாண வீட்டார் 2016இல உங்களுக்கு 2,000 வைச்சிருக்கினம். 2022 விலையேற்றத்துக்குப் பிறகு அதே 2,000ஐத் திருப்பி வைச்சால் மனம் நோவினம், சரி. 5,000 வையுங்கோ, போதும். பக்கத்து வீட்டுக் கணக்கு பக்கத்து வீட்டின்ர கொப்பியில கிடக்கட்டும். கொப்பியில ஆண்டும் தொகையும் எழுதாமல் விட்ட ஆக்கள்தான் கடைசியில பயத்தில கூட்டி வைக்கிறவை.

உடுப்பு, வான், என்வலப்பு மூண்டையும் கூட்டிப் பாத்தால் 31,500. வருஷக் காசில பாதிக்கு மேல போச்சு. இன்னும் ஆவணி வரேல்லை.

மாதக் கணக்கும் எங்களைத்தான் உதைக்குது. ஆடி, புரட்டாதி, மார்கழியில கலியாணம் வைக்கமாட்டினம், எல்லாம் தை, வைகாசி, ஆவணியில வந்து குவியும். காலபோக நெல்லு வித்துக் காசு கையில வாறதோ மாசி, பங்குனியில. அப்ப தைக் கலியாணத்துக்கு என்ன செய்யிறது? காப்பு அடகுக் கடைக்குப் போகுது. அந்த வட்டியை ஒருத்தரும் கலியாணச் செலவில எழுதிறேல்லை. சிறுபோகக் காசை நம்பவும் ஏலாது, இரணைமடுவில தண்ணி காணாட்டில் எல்லாக் காணிக்கும் விதைப்பில்லை. அதால பங்குனியில நெல்லு வித்த கையோட 60,000ஐயும் தனிய எடுத்து, அதில 20,000ஐ அடுத்த தைக்கெண்டு கட்டி வைக்க வேணும். ஆவணியில யார் வந்து கூப்பிட்டாலும் அந்த முடிச்சை அவிழ்க்கப்படாது.

ஆரார் போறது எண்டும் முன்னுக்கே முடிவெடுங்கோ. கூடப்பிறந்ததின்ர பிள்ளை எண்டால் நாலு பேரும் போங்கோ. ஒண்டுவிட்ட சொந்தமெண்டால் ரெண்டு பேர். ஊர்ப் பழக்கமெண்டால் ஒராள் பஸ்ஸில போய் என்வலப்பைக் குடுத்து, சாப்பிட்டிட்டு வரட்டும். நிறம் கேட்டு வாற செய்திக்கு "இருக்கிற சாறியில வாறம்" எண்டு அண்டைக்கே பதில் போடுங்கோ, அங்க யாரும் கதவைச் சாத்தமாட்டினம்.

இவ்வளவும் செலவழிச்சு, ரெண்டு மணிக்குப் பிள்ளையளை எழுப்பிக் குளிக்கவாத்துக் கூட்டிக்கொண்டு போய் இருந்தால், தாலி கட்டுற நேரம் மணவறைக்கு முன்னால கமராக்காரர் ஆறு பேர் நிக்கினம். அவையின்ர முதுகைப் பாத்துத்தான் அட்சதை எறிஞ்சது. இருந்து எடுக்க ஏலாதோ அவைக்கு?