சர்டிபிகேட் என் பெயரில், கையெழுத்து கம்பெனியுடையது

போன வாரம் நாகர்கோவில் கோணம் தொழிற்பேட்டை பக்கம் டீ குடித்துக்கொண்டு நின்றபோது பக்கத்து ஷெட்டுத் தம்பி ஒருவன் வந்து கேட்டான்: "அண்ணே, ஒங்க மொதலாளி லெவல் 2 கோர்சுக்கு ஃபீஸ் கெட்டுனாராமே, எப்பிடி கேட்டிய?" டீ ஆறுவதற்குள் சொல்லி முடிகிற விஷயமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்களுடையது சின்ன ஃபேப்ரிகேஷன் ஷெட். ஸ்டெயின்லெஸ் டேங்க், சிறிய பிரஷர் வெசல், பைப் வேலை. நான் குவாலிட்டி பார்க்கிறவன். வெல்டிங்கில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று பார்க்க பி.டி. என்றொரு சோதனை உண்டு. சிவப்புத் திரவத்தைத் தெளித்து, அது விரிசலுக்குள் இறங்கும்வரை காத்திருந்து, மேலே இருப்பதைத் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடி அடிப்பார்கள். விரிசல் இருந்தால் வெள்ளைக்கு மேல் சிவப்புக் கோடு எழும்பி வரும். பார்க்க எளிய வேலைதான். ஆனால் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட லெவல் 2 தகுதி வேண்டும். இப்படிப் பொருளை உடைக்காமல் சோதிக்கும் முறைகள் பல உண்டு, ஒவ்வொன்றையும் ஒரு மெதட் என்போம், தகுதியும் மெதட் வாரியாகத்தான். எங்களிடம் அது யாருக்கும் இல்லை. திருநெல்வேலியிலிருந்து ஒருவர் வந்து போட்டுவிட்டுப் போவார்.

முதல் தடவை நான் கேட்டது சுத்தத் தோல்வி. "அண்ணாச்சி, நாலு மெதடிலும் லெவல் 2 எடுக்கணும், எழுபதாயிரம் ஆகும்" என்று போய் நின்றேன். அவர் கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "எனக்க பைசாவுல படிச்சிட்டு நீ கல்ஃபுக்கு பிளைட்டு ஏறியருவ. பொறவு எனக்கு என்ன லாபம்டே?"

கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பில்லை. நம் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார். நான் கேட்ட நான்கு மெதடில் ரேடியோகிராஃபியும் இருந்தது. கதிர்வீச்சு மூலத்தை வைத்துக்கொள்ள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி, பாதுகாப்பு அதிகாரி, தனி இடம் என்று எத்தனையோ வேண்டும். எங்கள் ஷெட்டில் அது நடக்கப்போவதே இல்லை. அப்படியானால் அந்தப் படிப்பு யாருக்கு? எனக்கு மட்டும்தான். அதை அவர் ஒரே வரியில் கண்டுபிடித்துவிட்டார்.

சரி, நானே கட்டிப் படித்துவிடலாம் என்று நினைத்தேன். நல்லவேளை, அதற்குள் ஒரு நண்பனுக்கு நடந்தது தெரிய வந்தது. ஒரு பயிற்சி நிலையத்தில் அறுபதாயிரம் கட்டி, பதினைந்து நாளில் ஐந்து மெதடிலும் லெவல் 2 சர்டிபிகேட் வாங்கியிருந்தான். அட்டை, லேமினேஷன் எல்லாம் பளபளவென்று இருந்தது. ஒரு கம்பெனி வேலைக்கு எடுத்தது. முதல் புராஜெக்டிலேயே கிளையன்ட்டின் ஆள் மூன்று கேள்விதான் கேட்டிருக்கிறார். எந்தக் கம்பெனி எழுதி வைத்த நடைமுறைப்படி, அதாவது ரிட்டன் பிராக்டிஸ்படி, உனக்குத் தகுதி கொடுத்தார்கள்? அனுபவ மணிக்கணக்கு எங்கே? இந்த வருடத்துக் கண் பரிசோதனை எங்கே? மூன்றுக்கும் பதில் இல்லை. ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

விஷயம் என்னவென்றால், நம் பக்கம் எல்லோரும் சொல்கிற "ஏ.எஸ்.என்.டி. லெவல் 2" பெரும்பாலும் ஏ.எஸ்.என்.டி. என்ற அமெரிக்கச் சங்கம் வெளியிட்ட எஸ்.என்.டி–டி.சி–1ஏ என்ற ஆவணத்தின் வழியே வருவது. அதன்படி தகுதி கொடுப்பது பயிற்சி நிலையம் அல்ல, அந்தச் சங்கமும் அல்ல. வேலை கொடுக்கும் நிறுவனம்தான். எத்தனை மணி நேரப் பயிற்சி, எவ்வளவு அனுபவம், என்ன தேர்வு என்பதை நிறுவனம் எழுதி வைக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் ரிட்டன் பிராக்டிஸ். அடுத்த படியான லெவல் 3 தகுதி உள்ள ஒருவர் அதைச் சரிபார்த்துத் தேர்வு வைப்பார். அவரை வெளியிலிருந்து அமர்த்திக்கொள்ளலாம். பொது, சிறப்பு, செய்முறை என்று மூன்று தேர்வுகள். ஒவ்வொன்றிலும் குறைந்தது 70, சராசரி 80 வர வேண்டும். பி.டி.யில் நேராக லெவல் 2 போக அது பரிந்துரைப்பது 12 மணி நேரப் பயிற்சியும் 210 மணி நேர அனுபவமும். பயிற்சியை இரண்டு நாளில் முடித்துவிடலாம். 210 மணி நேரத்தை எந்தப் பயிற்சி நிலையமும் விற்க முடியாது.

இன்னொன்று, வேலையை விட்டால் அந்த நிறுவனம் கொடுத்த தகுதி அன்றோடு முடிகிறது. புதிய நிறுவனம் தன் நடைமுறைப்படி மறுபடி கொடுக்க வேண்டும். படித்ததும் பதிவேடுகளும் நம்மோடு வரும், கையெழுத்துப் போடும் உரிமை வராது. ஆளோடு கூடவே போகிற சான்றிதழ் வேண்டுமென்றால் ஐ.எஸ்.ஓ. 9712 என்ற வேறு வழி உண்டு. அதைத் தனி அமைப்பு கொடுக்கும்.

இதைப் படித்ததும்தான் எனக்கு விளக்கு எரிந்தது. நான் இதுவரை அவரிடம் உபகாரம் கேட்டுக்கொண்டிருந்தேன். உண்மையில் கேட்க வேண்டியது, கம்பெனிக்கு ஒரு ஏற்பாடு. அதில் என் ஃபீஸ் ஒரு பகுதி மட்டுமே. இந்தத் தொழிலில் கைக்காசு போட்டுத் தனியாகப் படிப்பதுதான் தவறான வழி என்பது என் கருத்து. சண்டைக்கு வருகிறவர்கள் கமெண்டில் வரலாம்.

அப்புறம் கேட் ரெஜிஸ்டரை எடுத்தேன். எட்டு மாதத்தில் திருநெல்வேலிக்காரர் 14 தடவை வந்திருந்தார், ஒரு தடவைக்கு 4,500 ரூபாய். அதில் 9 தடவை ரூட் பி.டி.க்கு மட்டும். வெல்டிங்கில் முதலில் போடுகிற அடி வரிசைதான் ரூட். டிராயிங்கில் ரூட் பி.டி. என்று இருந்தால், அதைப் பார்த்து முடிக்கும்வரை அடுத்த வரிசை போடக்கூடாது. கடைசிச் சோதனை என்றால் ஆள் வரும்வரை வேறு வேலை பார்க்கலாம். ரூட் என்றால் எல்லாம் நின்றுபோகும். 9 இல் 6 தடவை ஒரு நாளோ அதற்கு மேலோ நின்றிருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம், வெசலில் பைப் இணைக்கிற வாயான நாசிலின் ரூட் முடிந்தது. திருநெல்வேலிக்காரர் தூத்துக்குடியில் ஓர் ஆலையின் ஷட்டவுன் வேலையில் மாட்டிக்கொண்டார், திங்கள்கிழமைதான் வந்தார். வெசல், அதைச் சுழற்றுகிற ரொட்டேட்டர் மேலேயே கிடந்தது. அடுத்த வெசல் தரையில் காத்திருந்தது. இரண்டு வெல்டர்கள் சும்மா கிரைண்டிங் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பணக்கணக்கை மட்டும் காட்டியிருந்தால் நான் மறுபடியும் தோற்றிருப்பேன். 9 தடவைக்கு 40,500. கோர்ஸ் 18,000, லெவல் 3க்கு 25,000, கூட்டினால் 43,000. சிவப்பு, வெள்ளை ஸ்ப்ரே கேன் செலவு தனி. ஒரு வருடத்துக்குள் பெரிய மிச்சம் எதுவும் இல்லை. அதை மறைக்காமலே எழுதினேன். கடிதம் இவ்வளவுதான்:

"அண்ணாச்சிக்கு, கடந்த எட்டு மாதத்தில் ரூட் பி.டி.க்காக 9 தடவை வெளி ஆள் வந்தார். 6 தடவை வேலை நின்றது. தேதிகள் பின்னால் இருக்கின்றன. பி.டி., வெல்டைக் கண்ணால் பார்த்துச் செய்யும் சோதனை இரண்டில் மட்டும் நான் லெவல் 2 எடுத்தால் ரூட்டை அன்றே பார்த்துவிடலாம். செலவு: கோர்ஸ் 18,000, ஜி.எஸ்.டி. 3,240, ரிட்டன் பிராக்டிஸ் எழுதவும் தேர்வு வைக்கவும் லெவல் 3க்கு 25,000. மூன்று நாள் நான் ஷெட்டில் இருக்கமாட்டேன். மூன்றாம் நபர் சோதனை கேட்கும் கிளையன்ட்டுக்குக் கடைசி பி.டி. இப்போதுபோலவே வெளி ஆள்தான். திரும்பி வந்ததும் வெல்டர்கள் நான்கு பேருக்கு சர்ஃபேஸ் தயார் செய்வதைச் சொல்லிக்கொடுப்பேன். 18 மாதத்துக்குள் நான் விலகினால் மீதி மாதத்துக்கு மாதம் 1,000 வீதம் திருப்பித் தருகிறேன்."

கடைசி வரிதான் அவர் இரண்டு தடவை படித்த வரி. ஆறாம் மாதம் போனால் 12,000 கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் முதலில் எஸ்.எஸ்.எல்.சி. ஒரிஜினலைக் கேட்டார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நீங்களும் கொடுக்காதீர்கள். ஆனால் பாண்டுக்கு மதிப்பே இல்லை என்று டீக்கடையில் சொல்வதையும் நம்பாதீர்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், மூன்று ஆண்டுக்கு முன் விலகினால் 2 லட்சம் என்று ஒரு பொதுத்துறை வங்கி போட்ட நிபந்தனை செல்லும் என்று சொன்னது. அதே சமயம் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி கிடைப்பது நியாயமான இழப்பீடுதான், எழுதிய தொகை அதற்கு மேல்வரம்பு. எனவே உண்மையாகச் செலவான தொகையை, மாதாமாதம் குறைகிற மாதிரி எழுதி வாங்குங்கள்.

கணக்கு பார்க்கிற அக்கா சொன்ன ஒரு விஷயம்: பில் கம்பெனி பெயரில், கம்பெனி ஜி.எஸ்.டி. எண்ணோடு வர வேண்டும். அப்போதுதான் அந்த 3,240ஐ அவர்கள் உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க முடியும். நான் என் பெயரில் கட்டிவிட்டு ரசீதைக் கொடுத்திருந்தால் அது போச்சு.

210 மணிக்கு என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். இரண்டு வருடமாகத் திருநெல்வேலிக்காரர் வரும்போதெல்லாம் கூடவே நின்று வேலை செய்தேன். தேதி, வேலை, மணி எழுதி அவரிடமே கையெழுத்து வாங்கி வைத்திருந்தேன். அந்த நோட்டு இல்லையென்றால் கடிதத்துக்கு அர்த்தமே இல்லை. தேர்வுக்கு முன் கண் பரிசோதனை. அருகில் இருப்பதைப் படிக்கிற பார்வையை வருடாவருடம் சோதிக்க வேண்டும்.

படித்து வந்த முதல் வாரமே ஒன்று கண்ணில் பட்டது. எங்கள் பையன் ஒருவன் சிவப்பைத் துடைக்க கிளீனர் கேனை நேராக வெல்டின் மேல் பீச்சியடித்துக்கொண்டிருந்தான். சீக்கிரம் பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் விரிசலுக்குள் இறங்கிய சிவப்பையும் அது கழுவிவிடும், டெவலப்பர் என்கிற அந்த வெள்ளைப் பொடியை அடித்தால் வெள்ளை வெளேரென்று பாஸ் ஆகும். பிரஷர் வெசலுக்கான அமெரிக்க விதித்தொகுப்பு ஏ.எஸ்.எம்.இ. செக்‌ஷன் 5 இதைத் தடை செய்கிறது. துணியில் கிளீனரைத் தொட்டுத்தான் துடைக்க வேண்டும். டெவலப்பர் அடித்த பிறகு குறைந்தது 10 நிமிடம் பொறுத்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். சந்தேகமாக இருந்த ஒரு நாசிலின் ரூட்டை மறுபடி செய்து பார்த்தோம். வெல்ட் முடிகிற குழியில் நட்சத்திரம் மாதிரி ஒரு சின்னச் சிவப்பு. கிரைண்டர் வைத்து எடுக்கப் பத்து நிமிடம். மேலே மூன்று வரிசை போட்ட பிறகு தெரிந்திருந்தால் ஒரு நாள் வேலை.

அண்ணாச்சி வந்து குனிந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் கூப்பிட்டு, "அந்த நாலு மெதடுல வேற எதுடே நம்ம ஷெட்டுக்கு ஆகும்?" என்று கேட்டார். காந்தத்தை வைத்து விரிசல் பார்க்கிற எம்.டி. ஆகும், ஆனால் நாம் செய்கிற ஸ்டெயின்லெஸ்ஸில் காந்தம் பிடிக்காது, கார்பன் ஸ்டீல் ஆர்டர் கூடட்டும் என்றேன்.

சவுதி தம்மாமில் இருக்கிற அத்தான் போன மாதம் போன் பண்ணினான், ஆள் எடுக்கிறார்களாம். ஒப்பந்தத்தில் இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. ஏழாயிரம் ரூபாய்தான். அதை அண்ணாச்சியிடமும் சொல்லிவிட்டேன். இப்போது மூத்த வெல்டர் அண்ணனின் அனுபவ மணிக்கு நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன், 64 ஆகியிருக்கிறது.