வென்ற பங்குகள் ஐந்து ஆண்டுகளில் சொல்லும் சாட்சி

பங்குச் சந்தையில் கூடுதல் லாபம் கிடைத்தால், அது கூடுதல் அபாயத்தைச் சுமந்ததற்கான கூலிதான் என்று அடித்துப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். சமீபத்தில் ஏறிய பங்குகள் மேலும் சில காலம் ஏறுவதும், இறங்கியவை மேலும் இறங்குவதுமான மொமென்டம் விஷயத்தில் அந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

நிதியியல் ஆய்வாளர்களான நரசிம்மன் ஜெகதீஷும் ஷெரிடன் டிட்மனும் 1965 முதல் 1989 வரையிலான அமெரிக்கப் பங்கு விலைகளை ஆராய்ந்து, 1993இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். கடந்த ஆறு மாதங்களில் அதிகம் ஏறிய பத்து சதவீதப் பங்குகளை வாங்க வேண்டும். அதிகம் இறங்கிய பத்து சதவீதத்தை இரவல் பெற்று விற்க வேண்டும்; பின்னர் அவற்றை வாங்கித் திருப்பித் தர வேண்டும். அடுத்த ஆறு மாதம் அப்படியே வைத்திருந்தால், மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம் லாபம் வந்தது.

இதற்கு ஆய்வாளர்கள் கான்ராடும் கவுலும் 1998இல் தந்த விளக்கம் எளிமையானது. சில பங்குகள் இயல்பிலேயே அதிக வருமானம் தருபவை. நேற்று வென்றவை நாளையும் வெல்வது அதனால்தான். அது உண்மையானால், வென்றவற்றுக்கும் தோற்றவற்றுக்கும் உள்ள இடைவெளி வருடக்கணக்கில் நீடிக்க வேண்டும். ஜெகதீஷும் டிட்மனும் 2001இல் அதைத்தான் சோதித்தார்கள். முதல் ஆண்டில் லாபம்; 13ஆம் மாதத்திலிருந்து 60ஆம் மாதம் வரை சராசரியில் நஷ்டம். இயல்பான வருமானம் இப்படித் திசை மாறாது.

மனித மனத்தை வைத்துப் பார்த்தால் இந்த வரிசை பொருந்துகிறது. நல்ல செய்தியை முதலீட்டாளர்கள் மெதுவாகவே உள்வாங்குகிறார்கள். விலை ஏறத் தொடங்கியதும் ஏற்றத்தையே பார்த்து மற்றவர்கள் துரத்துகிறார்கள். விலை தகுதியைத் தாண்டிப் போய், பிறகு இறங்குகிறது. மூன்று ஆண்டுகள் தோற்ற பங்குகள் அடுத்த மூன்று ஆண்டுகளில் வென்றவற்றை முந்தியதாக டி பாண்டும் தேலரும் 1985இலேயே காட்டியிருந்தார்கள்.

அபாயக் கட்சிக்கு ஒரு வலுவான சாட்சி உண்டு: 2009. மார்ச் முதல் மே வரை, அதுவரை விழுந்து கிடந்த பங்குகள் 163 சதவீதம் எழுந்தன. வென்றவை 8 சதவீதம் மட்டுமே. இரு பக்கமும் நூறு டாலர் வைத்தவர் ஒரு பக்கம் 8 டாலர் சம்பாதித்து, இரவலில் விற்ற பக்கம் 163 டாலர் இழந்தார். சந்தை சரிந்து மீளும்போது, விழுந்த நிறுவனங்களின் பங்குகள் சந்தையைவிடப் பல மடங்கு துள்ளும், அதுதான் காரணம். பயங்கரமான அபாயம், மறுப்பதற்கில்லை.

ஆனால் லாபம் இந்த அபாயத்துக்கான கூலி என்றால், அபாயத்தைக் குறைத்தால் கூலியும் குறைய வேண்டும். பரோசோவும் சாந்தா-கிளாராவும் 2015இல் காட்டியது வேறு: மொமென்டத்தின் சமீபத்திய ஏற்ற இறக்கம் கூடும்போது முதலீட்டைச் சுருக்கினால், ஒவ்வொரு அலகு அபாயத்துக்கும் கிடைக்கும் லாபம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது.

மெதுவான எதிர்வினை, மிகையான எதிர்வினை இரண்டையும் கையில் வைத்துக்கொண்டால் எதையும் விளக்கிவிடலாம் என்று பொருளாதார அறிஞர் யூஜின் ஃபாமா 1998இல் எழுப்பிய ஆட்சேபம் நியாயமானது. பெரிய நிறுவனங்களில் அந்தப் பின்னிறக்கம் பலவீனமாக இருப்பதும் என் தரப்புக்குச் சங்கடம்தான். இருந்தும், எது முதலில் வரும், எது பின்னால் வரும் என்ற வரிசையைச் சரியாகச் சொன்னது மனத்தை வைத்த விளக்கம்தான். அபாயக் கட்சியினர் அந்த 13ஆம் மாதத்துக்கு இன்னும் பதில் சொல்லவேண்டியிருக்கிறது.