கிளாஸ் குரூப்ல கலாய்ப்பு வேண்டாம் மக்களே

ரெப்போட சின்னப் புலம்பல். காலையில மழை லீவு அறிவிப்பு போட்ட உடனே, உங்க நாலு பேருக்கு மட்டும் புரியற ஜோக்கும் ஸ்டிக்கரும் வரிசையா விழுது. கோத்தகிரி பக்கம் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். வர்றப்ப எல்லாம் மொத்தமா கொட்டும், அறிவிப்பு எங்கயோ மேல போயிடும். சத்தம் தாங்காம பாதிப் பேர் மியூட் பண்ணியாச்சு. அவங்கதான் லீவு தெரியாம ஊட்டி பஸ் ஏறி நனைஞ்சுட்டு வந்து நிக்கறாங்க. பின் பண்ணலாம்தான், ஆனா குரூப்பைத் திறந்தாத்தானே அது கண்ணுல படும்?

உங்க கலாய்ப்புக்குத் தனி குரூப் தொடங்கிக்கோங்க. தவறி இங்க போட்டுட்டா, அன்னைக்கே 'எல்லாருக்கும் அழி' கொடுத்துடுங்க. இல்லைன்னா அட்மின் மட்டும் அனுப்பற மாதிரி செட்டிங்கை மாத்திடுவேன். அப்புறம் லேப் சந்தேகம்கூட இங்க கேக்க முடியாது.