5/6 என்றால் எந்த நாள்?

2025 மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மளிகைக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். டல்லாஸில் இருக்கும் சித்தி மகன் போன் செய்தான். "அண்ணா, எங்க இருக்கீங்க? நாங்க ஏற்காடு ஏரிக்கிட்ட அரை மணி நேரமா நிக்கிறோம்." எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "அடுத்த மாசம்தானேடா வர்றே?" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

நாகலூரில் எங்கள் தாத்தாவின் பழைய வீடு இருக்கிறது. சாவி என்னிடம். பெங்களூரில் மனைவி வீட்டுக்கு வந்துவிட்டு, ஒரு நாள் காரில் ஏற்காடு வந்து வீட்டைப் பார்ப்பதாக அவன் திட்டம். மூன்று வாரம் முன்பே வாட்ஸ்அப்பில் "5/6 ஏற்காடு, மதியம் சாப்பாட்டுக்கு வந்துடுங்க" என்று எழுதியிருந்தான். அவன் கணக்கில் அது மே 6. என் கணக்கில் ஜூன் 5. அமெரிக்காவில் ஜூனில்தான் பள்ளி விடுமுறை முழுசாக இருக்கும், அதனால் ஜூன்தான் சரி என்று நானே காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அவன் பிள்ளைக்கு மூன்று வயசு, பள்ளிக்கே போகவில்லை என்பது அப்போது தோன்றவில்லை.

வீட்டுக்கு ஓடிச் சாவியை எடுத்து, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கோடை விடுமுறைக் கூட்டத்தில் ஏறி முடித்தபோது மணி நாலு. இரவுக்குள் அவர்கள் பெங்களூர் திரும்ப வேண்டும். வீட்டைத் திறந்து, திண்ணையில் ஒரு படம் எடுத்து, பூட்டியாயிற்று. சாப்பாடு வழியில் வாங்கிய பொட்டலம்தான்.

"பன்னிரண்டு வருஷம் அங்க இருந்தா தேதிகூடத் தலைகீழா எழுதுவியா?" என்று கேட்டேன். அவன் சொன்ன பதில்தான் இந்தப் பதிவுக்குக் காரணம். "நீங்க வாயால எப்படிண்ணா சொல்றீங்க? மே ஆறாம் தேதின்னுதானே? ஆறு மேன்னா சொல்றீங்க?"

யோசித்தால் அவன் சொன்னது சரி. ஆடி 18, தை 1, ஆகஸ்ட் 15 என்று மாதத்தைத்தான் முதலில் சொல்கிறோம். எண்ணாக எழுதும்போது மட்டும் 15/8 என்று நாளை முன்னே வைக்கிறோம். செக்கில் கட்டங்களும் அந்த வரிசைதான். அமெரிக்கர்கள் பேசுகிற வரிசையிலேயே எழுதுகிறார்கள். நாம் பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்று. ஆக, அவன் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. சாப்பாடு தவறியதில் இல்லை, இதில் மட்டும்.

அன்று இரவு எங்கள் பழைய செய்திகளைத் தேடிப் பார்த்தேன். முந்தைய டிசம்பரில் அனுப்பிய ஒரு படத்தின் கீழே 12/23 என்று போட்டிருக்கிறான். இருபத்து மூன்றாம் மாதம் என்று ஒன்று கிடையாது. அவன் எந்த வரிசையில் எழுதுகிறான் என்பது அங்கேயே தெரிந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. 13ஆம் தேதியிலிருந்து குழப்பமே வராது. ஒவ்வொரு மாதத்திலும் முதல் 12 நாள்தான் ஆபத்து. அதிலும் 5/5, 6/6 மாதிரி நாட்களை எப்படிப் படித்தாலும் ஒன்றுதான். அவற்றைக் கழித்தால் வருஷத்தில் 132 நாள் இப்படி இரண்டு விதமாகப் படிக்க இடம் கொடுக்கும்.

ஆண்டு, மாதம், நாள் என்று 2025-05-06 போல எழுதச் சொல்லும் சர்வதேச முறை இருக்கிறது, ஐஎஸ்ஓ 8601. கோப்புகளுக்கு அருமையான முறை. ஆனால் வீட்டு ஏற்பாட்டில் யார் வருஷம் போடுகிறார்கள்? வருஷத்தை விட்டால் மிஞ்சுவது 05-06. மறுபடி அதே குழி.

என் கருத்து, கல்யாணப் பத்திரிகைக்காரர்கள்தான் புத்திசாலிகள். தமிழ் மாதத் தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை, நட்சத்திரம் என்று ஒரே நாளை நாலு விதமாக அடிப்பார்கள். ஒன்று தப்பினால் மற்றது காட்டிக் கொடுக்கும். நமக்கு அவ்வளவு வேண்டாம், மாதத்தின் பெயரும் கிழமையும் போதும். "மே 6, செவ்வாய்." எண்ணாகத்தான் எழுதுவேன் என்று அடம் பிடிப்பவர் கிழமையையாவது சேர்க்கட்டும். "5/6 செவ்வாய்" என்று அவன் எழுதியிருந்தால், காலண்டரில் ஜூன் 5 வியாழன் என்று பார்த்த உடனே கேட்டிருப்பேன்.

கிழமையும் எப்போதும் காப்பாற்றாது. மே 9-ம் செப்டம்பர் 5-ம் எந்த வருஷமும் ஒரே கிழமைதான். ஜூலை 11, நவம்பர் 7-ம் அப்படியே. நாலு மாத இடைவெளி இருப்பதால் ஊருக்கு வருகிறவர் விஷயத்தில் பெரிதாக மாட்டாது. ஆனாலும் மாதத்தின் பெயரை எழுதிவிடுவதுதான் நிம்மதி.

வீட்டுச் சாவி இப்போது நாகலூர்ப் பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கிறது.